பள்ளியின் பெயரில் ஒரு முகவரி

உழவர் கல்விச் சங்க மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியருக்கு எழுதப்படும் எந்தக் கடிதமும் முதலில் அலுவலகத்தில் மீனாவின் மேசைக்கு வர வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து வந்தாலும் சரி, மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு தகப்பனார் எழுதினாலும் சரி, வழி ஒன்றுதான். மீனா பிரித்துப் படிப்பார். பொருள் என்ன என்று தபால் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். எண்ணும் தேதியும் போட்டு முத்திரை குத்துவார். அதன் பிறகே கடிதம் தலைமையாசிரியர் அறைக்குப் போகும் கோப்பில் ஏறும். எண் விழுந்துவிட்டால் அது பள்ளியின் சொத்து. எழுதியவரே வந்து கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

பதினோராம் வகுப்பு பவதாரிணிக்கு இந்த நடைமுறை தெரியாது. பத்தாம் வகுப்பு வரை பழங்காநத்தத்தில் படித்தவள். அவளுடைய அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அவரை அலங்காநல்லூர் பக்கம் மாற்றியதால் குடும்பமே இங்கே வந்து, ஜூன் மாதம்தான் அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு வந்து, நான்கு பக்கக் கடிதத்தை மீனாவிடம் நீட்டினாள்.

"ஹெச்செம் டீச்சர்ட்ட குடுக்கணும்க்கா."

"லீவு லெட்டரா?"

"இல்லக்கா. ஸ்கூலுக்கு வெப்சைட் வேணும்னு."

மீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பிரித்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் தேர்வில் எழுதுவது போலவே ஒழுங்காக இருந்தன.

"மதிப்பிற்குரிய அம்மா,

நான் இப்பள்ளியில் சேர்வதற்கு முன், பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள என் அம்மா வாசல் பலகையில் உள்ள இணைய முகவரியைப் போனில் திறந்தார். பள்ளி வரவில்லை. ரம்மி விளையாட்டுப் பக்கம் வந்தது. முதல் ஆட்டத்துக்கு போனஸ் தருவதாகச் சொன்னது. வேறு பெற்றோருக்கும் இப்படித்தான் வரும். ஆகவே நம் பள்ளிக்குப் புதிய வலைத்தளம் ஒன்றை அமைக்க அனுமதி கேட்கிறேன்.

அதில் இருக்க வேண்டியவை: சேர்க்கைக்குத் தேவையான சான்றுகள், பாடப் பிரிவுகள், கட்டண விவரம், ஆசிரியர் பெயர்கள், பேருந்து வழி, அறிவிப்புகள். இவற்றுக்கு ஆறு பக்கங்கள் போதும். பணம் கட்டும் வசதி, மாணவர் மதிப்பெண், மாணவர் புகைப்படம் ஆகியவை வேண்டாம். அவற்றைப் பாதுகாப்பது நம்மால் முடியாத வேலை. பாதுகாக்க முடியாததை வாங்கி வைக்கக் கூடாது.

செலவு: இணையப் பெயருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். பக்கங்களை வைத்திருக்கும் சர்வரில் இடத்துக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் வரை. முதல் ஆண்டுக்குச் சலுகை விலை கிடைக்கும். அதை நம்பினால் இரண்டாம் ஆண்டு பணம் போதாது. எனவே சலுகை இல்லாத விலையையே எழுதியிருக்கிறேன். பக்கங்களை மாணவர்களே செய்வதால் அதற்குக் கூலி இல்லை.

பராமரிப்பு: அறிவிப்புப் பக்கத்தை வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பிக்க வேண்டும். எழுதுவது மாணவர்களாக இருக்கலாம். ஓர் ஆசிரியர் படித்துச் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை எல்லாப் பக்கங்களின் நகலையும் பென்டிரைவில் எடுத்து அலுவலகத்தில் வைக்க வேண்டும். முன்பு இருந்த வலைத்தளம், அதற்குப் பொறுப்பானவர் அக்கறையின்றிப் புதுப்பிக்காமல் விட்டதால் நம் கையை விட்டுப் போனது. மீண்டும் அப்படி நேரக் கூடாது."

மீனாவின் விரல் அந்த வாக்கியத்தின் கீழே நின்றது. 

"இந்த வருசம் சேந்த புள்ளையா நீ?"

"ஆமாக்கா."

மீனா பதிவேட்டில் பொருளை எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி, கடிதத்தின் மூலையில் வைத்து அழுத்தினார். "வச்சிடுறேன். நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

வகுப்பில் சோற்று டப்பாவைத் திறந்தபடியே பாண்டீஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னாள் பவதாரிணி. பாண்டீஸ்வரி ஆறாம் வகுப்பிலிருந்தே இங்கே படிப்பவள். பள்ளியில் அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது.

"அக்கறை இல்லாம விட்டாருன்னா எழுதுன? அடி கூறுகெட்டவளே! அதையும் மீனாக்கா கையிலயே குடுத்தியா?"

"ஏன்டி?"

"பழைய வெப்சைட்ட செஞ்சது முத்துப்பாண்டி சாருடி. கம்ப்யூட்டர் சாரு. அவரு செத்துப் போயிட்டாரு. மீனாக்கா அவரு பொண்டாட்டி. அதனாலதான் அவங்களுக்கு ஆபீஸ்ல வேலையே குடுத்தாக."

பவதாரிணி டப்பாவை மூடிவிட்டு எழுந்து ஓடினாள்.

மீனா அலுவலகத்தில்தான் இருந்தார். பவதாரிணியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "லெட்டரத் திருப்பிக் கேக்க வந்தியா? நம்பர் போட்டாச்சு. எடுக்க முடியாது" என்றார்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாமத்தான் எழுதியிருப்ப. ஆனா நீ எழுதுனது கொறச்சலு. ஊருக்குள்ள அதுக்கு மேல பேசுறாக. வாத்தியாரு ரம்மிக்காரன்ட்ட துட்டு வாங்கிட்டு வெப்சைட்ட வித்துட்டாருன்னு. சங்கத்துல பேயாண்டி மாமா டீக்கடைக்கு டீக்கடை இதத்தான் சொல்லுறாரு." மீனா கோப்பின் நாடாவை இழுத்து முடிந்தார். "எம் பிள்ளைக நாளைக்கு இதே ஸ்கூலுக்கு வரும். அதுக காதுலயும் விழுகும். அவரு விட்டாரா, வித்தாரா? நீ கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளதான. கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னா சொல்லு. முடியாதுன்னா இனிமே அதப் பத்தி எழுதாத."

பவதாரிணி சற்று யோசித்தாள். "முடியும்க்கா. நாளைக்குச் சொல்றேன்."

*

ஒரு இணையப் பெயரை யாரும் விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக் கொள்ள முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். காலம் முடியும்போது பணம் கட்டினால் இன்னொரு ஆண்டு. கட்டாவிட்டால் பக்கம் நின்றுவிடும், ஆனால் பெயர் அன்றைக்கே போய்விடாது. பழைய ஆளுக்கு அவகாசம் கொடுப்பார்கள். டாட் காம் பெயர்களுக்கு எல்லா அவகாசமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மாதம் வரும். அதற்குள்ளும் யாரும் கேட்கவில்லை என்றால் பெயர் பதிவிலிருந்து அழியும். அழிந்த நொடியில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பதிவு செய்யலாம். இப்படி அழியப்போகும் பெயர்களுக்காகவே காத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. ஆட்கள் ஏற்கெனவே தேடி வந்து பழகிய முகவரி அவர்களுக்குப் பயன்படும். வருகிறவர் பள்ளியைத் தேடி வந்தாலும், வந்த இடத்தில் ரம்மியைக் காட்டலாம்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிவுக் குறிப்பு இருக்கிறது. இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். ஆனால் பெயர் முதன்முதலில் பதிவான தேதியை மறைக்க முடியாது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். மறுநாள் கணினி ஆய்வகத்தில் பவதாரிணி பார்த்தது அந்தத் தேதியைத்தான். பள்ளியின் பழைய வலைத்தளம் தொடங்கிய காலத்தின் தேதி அங்கே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிப்ரவரி மாதம் இருந்தது.

அவள் எழுந்து நின்று மறுபடி ஒரு முறை படித்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போய் மீனாவைக் கூட்டி வந்து திரையின் முன் உட்கார வைத்தாள். கணினி ஆசிரியை தமிழ்ச்செல்வியும் அருகில் வந்து நின்றார். முத்துப்பாண்டி இருந்த இடத்துக்கு இன்னும் நிரந்தர ஆள் போடவில்லை. தமிழ்ச்செல்விக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் சம்பளம் கொடுக்கிறது.

"அக்கா, சார் தவறுனது எப்ப?"

"இந்தத் தேதிக்கு முந்துன ஆகஸ்ட்."

"இந்தப் பேரு புதுசாப் பதிவானது பிப்ரவரி. அதுலருந்து ரெண்டரை மாசம் பின்னால போங்க."

"டிசம்பர்" என்றார் தமிழ்ச்செல்வி.

மீனா மெல்லத் தலையசைத்தார். "வருசா வருசம் மாலை போட்டிருக்கும்போதுதான் அதுக்குத் துட்டுக் கட்டுவாரு. காலையில குளிச்சிட்டு வந்து ஃபோன எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவாரு. அவரு கார்டுலருந்துதான் கட்டுவாரு. ஸ்கூல்ல கேளுங்கன்னு சொன்னா, நானே பாத்துக்கிடுறேன்ம்பாரு. எதுக்கெடுத்தாலும் அதான். ஸ்பீக்கர் ரிப்பேரா, நானே பாத்துக்கிடுறேன். பிரின்டருக்கு மையா, நானே பாத்துக்கிடுறேன்."

"அந்த டிசம்பர்ல கட்ட அவரு இல்லக்கா."

"சரித்தா. ஆனா அதுக்கு முன்னாடியே வித்திருந்தா?"

"வித்திருந்தா இந்தத் தேதி மாறியிருக்காது" என்றாள் பவதாரிணி. அவள் குரல் தன்னையறியாமல் வேகமெடுத்தது. "ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குப் பேர மாத்திக் குடுத்தா, முதல்ல பதிவான தேதி அப்படியேதான் இருக்கும். ஆள் மட்டும்தான் மாறும். சார் முதல்ல பதிவு பண்ண வருசம்தான் இங்க இருந்திருக்கணும். அது இல்ல. பேரு ஒரு தடவ முழுசா அழிஞ்சு, மறுபடி பொறந்திருக்கு. வித்த பேரு அழியாதுக்கா. கேக்க ஆள் இல்லாத பேருதான் அழியும்."

இணையத்தில் பழைய பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்று உண்டு. அதில் பள்ளியின் முகவரியைக் கொடுத்தாள். அந்த ஆண்டு அக்டோபரில் எடுத்த படம் வந்தது. முத்துப்பாண்டி இறந்து இரண்டு மாதம் கழித்தும் பள்ளியின் பக்கம் அப்படியே நின்றிருந்தது. நீல நிறத் தலைப்பு, கூடத்தின் படம், ஜூலை மாத விளையாட்டுப் போட்டி அறிவிப்பு. அதற்குப் பிறகு அறிவிப்பு எதுவும் இல்லை.

மீனா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார். "துட்டுக் கட்டச் சொல்லி முன்கூட்டியே சொல்ல மாட்டாகளா?"

"சொல்வாங்கக்கா. மெயில் வரும். பல தடவ வரும்."

"யாருக்கு?"

"பேரு யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்கு."

"அப்ப அவரு ஃபோனுக்கு வந்திருக்கும்." மீனாவின் குரல் தணிந்தது. "அந்த ஃபோன நான்தான் பீரோவுல வச்சுப் பூட்டுனேன். சார்ஜே போடல. பாக்க முடியல என்னால. அப்ப அவரு விடல. நான்தான் விட்டிருக்கேன்."

பவதாரிணி இதை எதிர்பார்க்கவில்லை. ஒருவரை விடுவிக்கும் கணக்கு இன்னொருவர் தலையில் போய் இறங்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. "ஃபோனத் திறந்து வச்சிருந்தாலும் பாஸ்வேர்டு வேணும்க்கா" என்றாள். மீனா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

*

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியர் சோணையம்மாள் பவதாரிணியை அழைத்தார். மேசையில் கடிதம் விரிந்து கிடந்தது. ஓரங்களில் பென்சில் குறிகள்.

"வாட்சப் குரூப்தான் இருக்கே பாப்பா. அதுல போட்டா போதாதா?"

"குரூப்ல இருக்கவங்களுக்குத்தான் டீச்சர் அது வரும். எங்க அம்மா சேக்குறதுக்கு முன்னாடி குரூப்ல இல்ல. இங்க சேக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற ஒருத்தரும் குரூப்ல இருக்க மாட்டாங்க."

சோணையம்மாள் ஒரு குறியை அழித்தார். "முதல் மார்க் வாங்குன புள்ளைக போட்டோ வேணாம்னு எழுதியிருக்க. ஃப்ளெக்ஸ்ல போடுறோமே. போடலைன்னா தகப்பன்மாரு சண்டைக்கு வருவாக."

"ஃப்ளெக்ஸ் மழைக்குக் கிழிஞ்சிடும் டீச்சர். வெப்சைட்ல போட்டா யாரு வேணா எடுத்து வச்சுக்கிடலாம். நம்ம அழிச்சாலும் அவங்ககிட்ட இருக்கும். எத்தன பேரு பாஸ், எத்தன பேரு காலேஜ் போனாங்கன்னு நம்பர் மட்டும் போடலாம்."

"சரி. பழைய அட்ரஸ திரும்ப வாங்க முடியாதா?"

"அவங்க விலை சொல்வாங்க டீச்சர். எவ்வளவும் சொல்லலாம். வழக்குப் போடலாம்தான், அதுக்கு வெப்சைட்ட விடப் பல மடங்கு செலவாகும். வேற பேரு வாங்குறதுதான் நல்லது. டாட் எஜு டாட் இன்னு முடியுற பேரு. கல்வி நிறுவனத்துக்கு மட்டும்தான் குடுப்பாங்க. நீங்க கையெழுத்துப் போட்டு, அங்கீகார ஆணைய வச்சு விண்ணப்பிக்கணும். கொஞ்சம் தாமதமாகும். ஆனா ரம்மி கம்பெனிட்ட அங்கீகார ஆணை இருக்காதே."

சோணையம்மாள் சிரிக்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்தார். "பொறுப்பானவர் அக்கறையின்றின்னு எழுதியிருக்கியே, அது?"

"தப்பு டீச்சர். கிழிச்சுப் போடச் சொல்லலாம்னு பாத்தேன். முடியாதுன்னாங்க."

"கிழிக்க வேணாம். இன்னொரு கடிதம் எழுது. இந்தக் கடிதத்தோட நம்பரப் பார்வையில குறிப்பிட்டு, இந்த வரி பிழை, சரியான விவரம் இதுதான்னு எழுது. ரெண்டும் கோப்புல சேந்தே இருக்கட்டும்." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீ கண்டுபிடிச்சத மீனா சொன்னா. டிசம்பர்ல மெயில் வந்திருக்கும்னு சொன்னியாம்?"

"ஆமா டீச்சர்."

சோணையம்மாள் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, பள்ளி அங்கீகாரம். எல்லாமே காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டியவை. ஒவ்வொன்றும் எப்போது முடிகிறது என்று கோப்பின் முதல் தாளில் எழுதியிருந்தது. "இதுல ஒண்ணு தவறுனாலும் ஸ்கூலுக்குச் சிக்கல். நான் வந்ததுலருந்து ஒண்ணும் தவறல. ஏன்னா இதெல்லாம் ஹெச்செம் பேர்ல வருது. ஆள் மாறுனா அடுத்த ஆளுக்கு வரும்." கோப்பை மூடினார். "வெப்சைட் இதுல இல்ல. இருக்கணும்னு எனக்குத் தோணல. சனிக்கிழமை சங்கக் கூட்டம். நீ வந்து சொல்லு. சங்கம் ஒத்துக்கிட்டாத்தான் பணம்."

*

சங்கக் கூட்டம் நூலக அறையில் நடந்தது. செயலர் அழகுபாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். வாரச் சந்தையில் குத்தகை எடுத்து நடத்தும் பேயாண்டி அவருக்குப் பக்கத்தில். இன்னும் நாலைந்து உறுப்பினர்கள். மேசையின் ஓரத்தில் தீர்மானப் புத்தகத்தோடு மீனா. கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுத்து, தீர்மானத்தை எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை.

பவதாரிணி நின்றபடியே இரண்டு கடிதங்களையும் விளக்கினாள். பேயாண்டி நாற்காலியில் சாய்ந்தார்.

"பாப்பா நல்லாத்தான் பேசுது. ஆனா மாப்ள, ஒரு தடவ பட்டது போதாதா? செத்தவரச் சொல்லக் கூடாது, மீனா இங்கதான் இருக்கா, இருந்தாலும் சொல்லுறேன். வித்துட்டுப் போனதுக்கு இன்னைக்கு வரைக்கும் கணக்கு இல்ல. எம் பேரன் கேக்குறான், ஒங்க ஸ்கூல்ல சீட்டாடச் சொல்லிக் குடுப்பாகளான்னு."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மீனா பேனாவைப் பிடித்தபடி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, சந்தைக் கணக்குல ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் பவதாரிணி.

"கேளுத்தா. அது எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"சந்தையில ஒரு கடைய ஒருத்தர் குத்தகைக்கு வச்சிருக்காரு. பேரூராட்சி அனுமதியோட இன்னொருத்தருக்குக் கைமாத்தி விடுறாரு. ஆபீஸ் ரெஜிஸ்டர்ல அந்தக் குத்தகை ஆரம்பிச்ச தேதி மாறுமா?"

"அது எப்படி மாறும்? ஆள் பேருதான் மாறும். குத்தகை பழைய குத்தகைதான்."

"துட்டுக் கட்டாம விட்டு, நோட்டீஸ் குடுத்து, அதுக்கும் ஆள் வராம, பேரூராட்சியே எடுத்து மறுபடி ஏலம் விட்டா?"

"அது புதுக் குத்தகை. தேதி புதுசு."

பவதாரிணி அச்செடுத்த தாளை அவர் முன் வைத்தாள். "இது நம்ம பழைய பேரோட ரெஜிஸ்டர். தேதியப் பாருங்க. சார் இறந்ததுக்கு அடுத்த பிப்ரவரி. பழைய குத்தகைத் தேதி இல்ல. அப்ப இது கைமாத்துனதா, ஏலத்துல போனதா?"

பேயாண்டி கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தெரிந்த கணக்கு அது. ஏமாற்றிப் பேச வழியில்லை.

"ஏலத்துல போனது" என்றார்.

"ஏலத்துக்கு வந்தப்ப சார் உயிரோட இல்ல."

"சரி. வாத்தியாரு விக்கல. ஒத்துக்கிடுறேன்." தாளைக் கீழே வைத்தார். "அப்ப நோட்டீஸ் வந்திருக்கும்ல? வாங்கி வச்சுக்கிட்டுக் கட்டாம விட்டது யாரு?"

மீனா பேனாவை வைத்தார்.

"ஃபோன் எங்கிட்டதான் இருந்துச்சு மாமா" என்றார். "நான்தான் பாக்கல."

"மீனா." சோணையம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நீ அன்னைக்கு இந்த ஸ்கூல்ல வேலைக்கே சேரல. புருசன் செத்த வீட்டுல ஒரு பொம்பள ஃபோனுக்குச் சார்ஜ் போடலைன்னு எந்த ஊர்லயும் கேக்க மாட்டாக." உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "முத்துப்பாண்டி சார் ஆறு வருசம் அத நடத்துனாரு. அவரு பேர்ல இருக்கா, ஸ்கூல் பேர்ல இருக்கான்னு நம்ம ஒருத்தரும் கேக்கல. அவரு நானே பாத்துக்கிடுறேன்னாரு, நமக்கும் அது சவுகரியமா இருந்துச்சு. அவரு போனதும் ரேங்க் கார்டு எங்க, லேப் சாவி எங்கன்னு ஆள் விட்டுக் கேட்டோம். இதக் கேக்கல. தீர்மானம் எழுதலாமா செயலர் சார்?"

அழகுபாண்டி தலையசைத்தார்.

"எழுது மீனா. பள்ளிக்கு டாட் எஜு டாட் இன் என்று முடியும் பெயரில் புதிய வலைத்தளம் அமைக்கவும், ஆண்டுச் செலவைச் சங்க நிதியிலிருந்து வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது. பெயரும் மின்னஞ்சலும் தலைமையாசிரியர் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். எந்தத் தனி ஆள் பெயரிலும் கூடாது. பதிவு முடியும் நாள் மற்றச் சான்றுகளோடு புதுப்பித்தல் கோப்பில் சேர்க்கப்படும். கடவுச்சொல் மூடிய உறையில் செயலரிடம் ஒன்று, பள்ளியில் ஒன்று. மாணவரிடம் கடவுச்சொல் கூடாது."

மீனாவின் பேனா ஓடியது.

"பழைய வலைத்தளத்தைக் கணினி ஆசிரியர் திரு. முத்துப்பாண்டி தம் சொந்த உழைப்பிலும் சொந்தச் செலவிலும் பள்ளிக்காக நடத்தி வந்தார். அவர் காலமானதும்..."

பேனா நின்றது.

"டீச்சர், இத நான் எழுதக் கூடாது" என்றார் மீனா. "எம் புருசனுக்காக நானே எழுதிக்கிட்ட மாதிரி இருக்கும். நாளைக்கு அதயும் சொல்வாக."

சோணையம்மாள் கையை நீட்டிப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மீனாவின் கையெழுத்து நின்ற இடத்திலிருந்து தம் பேனாவால் தொடர்ந்தார். எழுதி முடித்துக் கீழே தம் சுருக்கொப்பம் போட்டார்.

"வாசிக்கிறது ஒன் வேலைதான்" என்று சொல்லிப் புத்தகத்தை மீனாவிடம் திருப்பினார்.

மீனா எழுந்து நின்றார். பணம், பெயர், கோப்பு, உறை என்று ஒவ்வொன்றாக, சம்பளப் பட்டியல் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். கணவர் பெயர் வந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் காலமானதும் வலைத்தளத்தின் பொறுப்பைப் பள்ளி கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. அது பள்ளிக்கு இல்லாமல் போனது பள்ளியின் தவறு. அவரைச் சார்ந்த எவருடைய தவறும் அன்று."

அழகுபாண்டி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"இரு மாப்ள" என்றார் பேயாண்டி. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கடைசியில இருக்கத இன்னொருக்கா வாசிம்மா. வெளிய போயிச் சொல்லணும்ல. சரியாச் சொல்லணும்."

மீனா பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, கணவர் பெயரிலிருந்து மறுபடி வாசித்தார்.